எட்டாம் மாசம், உள்ளங்கை உள்ளங்கால் அரிப்பு: மருதாணியா, வயிற்றுக் கோடா, கல்லீரலா?

ரயில்கேட்_கொருக்குப்பேட்டை

என் மனைவிக்கு இப்போ 31 வாரம், முதல் குழந்தை. போன மாசக் கடைசியில வளைகாப்பு வெச்சோம். அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு கை அரிக்க ஆரம்பிச்சுது. கடையில வாங்குன மருதாணி கோன் போட்டிருந்தாங்க, அதோட அலர்ஜின்னு விட்டுட்டோம். இப்போ மருதாணி சுத்தமா போயிடுச்சு, அரிப்பு போகல. வயிறும் அரிக்குது, தொப்புளுக்குக் கீழ சிவப்பா கோடு விழுந்திருக்கு. ராத்திரி பதினோரு மணிக்கு மேல தூங்க முடியாம ஈரத்துணியைக் கால்ல சுத்திக்கிட்டு உக்காந்திருக்காங்க. பக்கத்து கிளினிக்ல காலமைன் லோஷனும் செட்ரிசினும் கொடுத்தாங்க, பெருசா பலன் இல்ல. எங்க பாட்டி, "குழந்தைக்கு முடி நிறைய இருக்கு, அதான் அரிக்குது"ன்னு சொல்றாங்க. இதுக்கு மேல என்ன பார்க்கணும்?

எர்ணாவூர்_அம்மா

வயித்துல கோடு விழுந்தா அரிக்கத்தான் செய்யும் தம்பி. சொறிய விடாதீங்க, சொறிஞ்சா கோடு அதிகமாகும். குளிச்சதும் ஈரம் காயறதுக்குள்ள தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லுங்க. ஸ்ட்ரெட்ச் மார்க் கிரீம் நாலாம் மாசமே ஆரம்பிச்சிருக்கணும். இப்போ ஆரம்பிச்சாலும் பரவாயில்ல.

லேபர்வார்டு_சிஸ்டர்

எர்ணாவூர் அம்மா, அவர் கேட்டது கோட்டைப் பத்தி இல்லைங்க, கையையும் காலையும் பத்தி. ஆனா கோடுன்னு பேச்சு வந்துட்டதால அதை முதல்ல முடிச்சிடறேன். சொறியறதால கோடு விழாது. தோலுக்கு அடியில இருக்குற நார் இழுபட்டு அறுந்துதான் விழுது. அம்மாவுக்கு இருந்தா பொண்ணுக்கும் வர வாய்ப்பு அதிகம். எந்த கிரீமும் அதைத் தடுக்கும்னு உறுதியா சொல்ல முடியாது. எண்ணெய் தடவுனா வறட்சி குறையும், அந்த அரிப்பு அடங்கும், அதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க. ரெட்டினால் போட்ட கிரீம் மட்டும் கர்ப்பத்துல வேண்டவே வேண்டாம், டப்பாவைத் திருப்பிப் பார்த்து வாங்குங்க.

இப்போ தம்பிக்கு. மூணு விஷயம் சொல்லுங்க. ஒண்ணு, சொறியறதுக்கு முன்னாடி அந்த இடத்துல தடிப்பு, பரு, கொப்புளம் ஏதாவது இருக்கா, இல்ல வெறும் தோல்தானா? ரெண்டு, விரல் இடுக்குல சின்னதா கோடு மாதிரியோ புள்ளியோ இருக்கா? வீட்ல வேற யாருக்காவது அரிக்குதா? மூணு, மலம் வெளுத்துப் போகுதா, சிறுநீர் அடர் மஞ்சளா போகுதா?

ரயில்கேட்_கொருக்குப்பேட்டை

சிஸ்டர், கையில ஒண்ணுமே இல்ல. சொறிஞ்ச கீறல்தான், ரத்தம் கட்டின மாதிரி நீளமா. கால்லயும் அப்படியே. வயித்துல மட்டும் கோடு மேல நாலஞ்சு சிவப்புப் புள்ளி. வீட்ல யாருக்கும் அரிப்பு இல்ல. சிறுநீர் கொஞ்சம் மஞ்சளாதான் போகுது, வெயில்னு நினைச்சோம்.

லேபர்வார்டு_சிஸ்டர்

அப்போ மருதாணியைக் கணக்குல இருந்து எடுத்துடுங்க. கோன் சாயம் ஒத்துக்கலைன்னா பூ போட்ட வடிவத்துலயே தோல் சிவந்து தடிச்சு நிக்கும், நீர் கோக்கும். படத்தைப் பார்த்தாலே தெரியும். ஒண்ணுமே இல்லாத தோல், உள்ளங்கையும் உள்ளங்காலும், ராத்திரி ஜாஸ்தி, 28 வாரத்துக்கு மேல: இந்த நாலும் சேர்ந்து வந்தா கல்லீரல்ல பித்தம் சரியா வடியலையான்னு பார்த்தே ஆகணும், கர்ப்பகால கொலஸ்டாசிஸ்னு இந்த நோய்க்குப் பேரு. பித்த அமிலம் ரத்தத்துல தேங்கும்போது தோலுக்குள்ள அரிக்கும். வெளியில ஒண்ணும் தெரியாது, கீறல் மட்டும்தான் தெரியும். கண்ணு மஞ்சளாகறவரைக்கும் காத்திருக்காதீங்க, இந்த நோய்ல நிறைய பேருக்குக் கண்ணு மஞ்சளாகறதே இல்ல.

நாளைக்கே ரத்தம் கொடுங்க. லிவர் ஃபங்ஷன் டெஸ்ட், கூடவே பைல் ஆசிட். ரெண்டும் வேணும்.

மூலிகைத்தோட்டம்

பித்தம்னு தெரிஞ்சாச்சு, அப்புறம் எதுக்கு டெஸ்ட். கீழாநெல்லி அரைச்சு மோர்ல காலையில ஏழு நாள் கொடுங்க, மஞ்சக்காமாலைக்கே அதான். கல்லீரல் சம்பந்தப்பட்டதுன்னு சிஸ்டர் சொல்றது சரிதான், அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்ல. மேல தடவறதுக்குத் தேங்காய் எண்ணெய்ல கற்பூரம் கரைச்சுத் தடவுனா அரிப்பு உடனே நிக்கும்.

பி.ஃபார்ம்_வியாசர்பாடி

கற்பூரம் வேண்டாம் சார். தோல் வழியா ரத்தத்துல இறங்கும். கை, கால், வயிறுன்னு பெரிய பரப்புல தினமும் தடவுனா கர்ப்பிணிக்கு நல்லதில்ல. தவறி வாய்ல போனா விஷம். குளிர்ச்சிதான் வேணும்னா ஒரு சதவீத மெந்தால் கலந்த அக்வஸ் கிரீம் கேளுங்க, அதைத்தான் இந்த அரிப்புக்குச் சொல்வாங்க. கீழாநெல்லி எட்டாம் மாசத்துல பாதுகாப்பானதுன்னு காட்ட ஒண்ணும் கிடையாது. அதைவிடப் பெரிய சங்கடம், அந்த ஏழு நாள் வீணாப் போகும்.

செட்ரிசின் பத்தி: கொசுக்கடி, அலர்ஜி அரிப்புக்குத்தான் அது. பித்த அமில அரிப்பு அந்த வழியா வர்றதில்ல, அதான் பலன் இல்ல. குளோர்பெனிரமின் கொடுத்தா தூக்கம் வரும், ராத்திரி கொஞ்சம் ஓடும், அவ்வளவுதான்.

தண்டையார்பேட்டை_தேவி

எனக்கும் ஒம்பதாம் மாசம் பயங்கர அரிப்பு. டெஸ்ட் எல்லாம் எடுத்தாங்க, எல்லாம் நார்மல். ஸ்ட்ரெட்ச் மார்க்லதான் ஆரம்பிச்சுது, அப்புறம் தொடைக்குப் போச்சு. குழந்தை பொறந்து ரெண்டு வாரத்துல தானா போயிடுச்சு. அதனால பயப்படாதீங்க அண்ணா.

லேபர்வார்டு_சிஸ்டர்

தேவிம்மா, உங்களுக்கு வந்தது வேற. கோட்டுக்குள்ளயே தடிப்பு ஆரம்பிச்சு, தொப்புளை மட்டும் விட்டுட்டு, தொடைக்கு இறங்கும். முதல் பிரசவத்துல, கடைசி வாரங்கள்ல வரும். இரட்டைக் குழந்தைன்னா இன்னும் அதிகம். குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. அது தோல்ல கண்ணுக்குத் தெரியற அரிப்பு. இவர் மனைவிக்கு கையில ஒண்ணும் தெரியல, அதான் வித்தியாசம். வயித்துல இருக்குற அந்த நாலஞ்சு புள்ளி தேவிக்கு வந்த ரகமாகவும் இருக்கலாம். ரெண்டும் ஒரே ஆளுக்கு வரக்கூடாதுன்னு சட்டம் இல்லையே.

தொப்புளைச் சுத்தி ஆரம்பிச்சு கொப்புளமா நீர் கோத்தா அது மூணாவது ரகம், தோல் டாக்டர் பார்க்க வேண்டியது. விரல் இடுக்கு, மணிக்கட்டு, வீட்ல நாலு பேருக்கும் ராத்திரி அரிப்புன்னா சொறி சிரங்கு, அதுக்குக் குடும்பமே சேர்ந்து மருந்து பூசணும். நம்ம பக்கம் ஒரே அறையில அஞ்சு பேர் படுக்கறோம், அதனாலதான் வீட்ல யாருக்காவது இருக்கான்னு முதல்லயே கேட்டேன்.

ரயில்கேட்_கொருக்குப்பேட்டை

ரிப்போர்ட் வந்துடுச்சு. லேப்ல பைல் ஆசிட் இங்க எடுக்கறதில்லன்னு சொல்லி யூரின்ல "பைல் சால்ட், பைல் பிக்மென்ட்" எடுத்துக் கொடுத்தாங்க, நெகட்டிவ். பிலிருபின் 0.6, எஸ்ஜிஓடி 34, எஸ்ஜிபிடி 43, ஆல்கலைன் பாஸ்படேஸ் 208. கிளினிக்ல எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்க. ஆல்கலைன் மட்டும் தடிமனா அச்சடிச்சிருக்கு, அதான் பயமா இருக்கு.

செண்ட்ரிஃப்யூஜ்

லேப்ல பதினாறு வருஷமா இருக்கேன், இந்த ரிப்போர்ட்டை அப்படியே தலைகீழாப் படிக்கணும். தடிமனா இருக்குறது பயப்பட வேண்டியதில்ல. பயப்பட வேண்டியது தடிமனாவே இல்ல.

ஆல்கலைன் பாஸ்படேஸ் நஞ்சுக்கொடியே சுரக்கும். எட்டாம் மாசத்துல 208 எல்லாருக்கும் சாதாரணம். மெஷினுக்கு இவங்க கர்ப்பிணின்னு தெரியாது, அதான் தடிமனா அடிக்குது.

எஸ்ஜிபிடி 43ஐப் பாருங்க, கல்லீரல் பாதிச்சா ஏறற என்சைம் அது. பக்கத்துல 45 வரைக்கும்னு போட்டிருக்கும். அது கர்ப்பமில்லாதவங்களுக்கான அளவு. கர்ப்பத்துல ரத்தம் பெருகி நீர்த்துப் போறதால எஸ்ஜிபிடி இறங்கும், பிற்பாதியில 32 வரைக்கும்தான் சாதாரணம். அப்போ 43 ஏறினதுதான். எஸ்ஜிஓடிக்கு 30 வரைக்கும், அதுவும் லேசா தாண்டியிருக்கு. பிலிருபின் சரியா இருக்கு. இந்த நோய்ல பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும், அதை வெச்சு ஒண்ணும் தீர்மானிக்க முடியாது.

யூரின் பைல் சால்ட், அது இந்த டெஸ்ட்டே இல்ல. சோதனைக் குழாய்ல கந்தகப் பொடி தூவி, மூழ்குதா மிதக்குதான்னு பார்க்கற பழைய முறை. பேர்ல "பைல்"னு இருக்கறதால கவுன்டர்ல மாத்திப் போட்டுடறாங்க, அடிக்கடி பார்க்கறேன். நீங்க கேட்க வேண்டியது "சீரம் டோட்டல் பைல் ஆசிட்ஸ்". ரத்தம், சிறுநீர் இல்ல. சின்ன லேப்ல எடுக்க மாட்டாங்க, பெரிய லேப்புக்கு அனுப்புவாங்க. ரெண்டு மூணு நாள் ஆகும். விலை லேப்புக்கு லேப் நிறைய மாறும், ரெண்டு இடத்துல போன் போட்டுக் கேட்டுட்டு போங்க.

மூலிகைத்தோட்டம்

எல்லாமே நார்மல்னு டாக்டரே சொல்லிட்டார், 43க்கு இவ்வளவு பயமுறுத்தணுமா? 45க்கு ரெண்டு புள்ளி கீழதானே இருக்கு.

லேபர்வார்டு_சிஸ்டர்

பயமுறுத்தல சார். 43 மட்டும் இருந்து அரிப்பு இல்லைன்னா நானும் விட்டிருப்பேன். அரிப்பும் 43ம் சேர்ந்திருக்கு. அதோட, சில பேருக்கு அரிப்பு முதல்ல வரும், ரத்தத்துல ரெண்டு மூணு வாரம் கழிச்சுத்தான் தெரியும். அதனால ஒரு தடவை சரியா வந்தாலும் அரிப்பு நிக்கலைன்னா திரும்ப எடுக்கணும். "ஒரு தடவை எடுத்தோம், நார்மல்"ங்கறதுதான் இந்த நோய்ல ஏமாத்தற வார்த்தை.

தம்பி, கிளினிக்ல நிறுத்திடாதீங்க. பிக்மி நம்பர் இருக்குற அட்டையையும் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கிட்டு பிரசவம் பார்க்கற ஆஸ்பத்திரி ஓபிக்கே போங்க. உங்க பக்கத்துக்கு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி இருக்கு. போகும்போது "அரிப்பு"ன்னு மட்டும் சொல்லாதீங்க, லோஷன் எழுதிட்டு அனுப்பிடுவாங்க. "தடிப்பு இல்லாம உள்ளங்கை உள்ளங்கால்ல, ராத்திரியில, எஸ்ஜிபிடி 43"ன்னு ஒரே மூச்சுல சொல்லுங்க.

ரயில்கேட்_கொருக்குப்பேட்டை

போனோம். டாக்டரம்மா பைல் ஆசிட் எழுதினாங்க. வெளி லேப்ல வெறும் வயித்துல வரச் சொன்னாங்க, காலையில எடுத்தோம். 12 வந்திருக்கு. 10 வரைக்கும்னு போட்டிருக்கு. இது இருக்கா இல்லையா?

செண்ட்ரிஃப்யூஜ்

தெரியாதுங்கறதுதான் நேர்மையான பதில். சாப்பிட்ட பிறகுதான் பித்தப்பை சுருங்கி பித்த அமிலம் குடலுக்கு வந்து ரத்தத்துல ஏறும். ராத்திரி முழுக்க பட்டினி கிடந்து எடுத்தா குறைஞ்ச அளவுதான் கிடைக்கும். இங்கிலாந்து மகப்பேறு மருத்துவர் கழகம் 2022ல சொன்னது, வழக்கம்போல சாப்பிட்டபடியே எடு, 19 அல்லது அதுக்கு மேல இருந்தா இந்த நோய். பழைய அளவு 10. உங்க 12 ரெண்டுக்கும் நடுவுல பட்டினியில வந்த எண். காலை டிபன் முடிச்சு, மதிய சாப்பாட்டுக்கு முன்னாடியோ பின்னாடியோ திரும்ப எடுங்க.

ஒரு முக்கியமான விஷயம்: அதுக்குள்ள இந்த நோய்க்குக் கொடுக்கற உர்சோ மாத்திரையை ஆரம்பிக்கச் சொன்னா, ரத்தம் கொடுத்துட்டு அன்னைக்கு சாயந்திரம் ஆரம்பிங்க. அந்த மாத்திரையே ஒரு பித்த அமிலம். நம்ம மெஷின் எல்லா பித்த அமிலத்தையும் சேர்த்துத்தான் எண்ணும், உடம்புல இருந்து வந்ததா மாத்திரையில இருந்து வந்ததான்னு பிரிக்காது.

பி.ஃபார்ம்_வியாசர்பாடி

வெறும் வயித்துலதான் எடுக்கணும்னு எனக்குத் தெரிஞ்ச ரெண்டு மகப்பேறு டாக்டர்கள் இன்னும் எழுதறாங்க. தப்புன்னு சொல்ல முடியாது, எந்த முறைன்னு எழுதிட்டு அடுத்த தடவையும் அதே முறையில எடுத்தா ஒப்பிடலாம்.

செண்ட்ரிஃப்யூஜ்

ஒப்பிட முடியும், ஒத்துக்கறேன். ஆனா 100ஐத் தாண்டுதான்னு பார்க்கறதுதான் உயிர்க் கேள்வி. பட்டினியில எடுத்தா அந்த உச்சத்தைத் தவறவிடலாம்.

ரயில்கேட்_கொருக்குப்பேட்டை

அஞ்சு நாள் கழிச்சு, இட்லி சாப்பிட்டு பதினோரு மணிக்கு எடுத்தோம். பைல் ஆசிட் 27. எஸ்ஜிபிடி 71. பிலிருபின் அதே 0.6. மஞ்சக்காமாலை வைரஸ் டெஸ்ட் எல்லாம் நெகட்டிவ். உர்சோ 300 காலை, இரவு ஆரம்பிச்சாச்சு. 100ன்னு ஏன் சொன்னீங்க? குழந்தைக்கு என்ன ஆகும்?

லேபர்வார்டு_சிஸ்டர்

நேரா சொல்றேன், கேட்டுக்கோங்க. இந்த நோய் அம்மாவோட உயிருக்கு ஆபத்து இல்ல. பயம் குழந்தைக்கு, அதுவும் பித்த அமிலம் ரொம்ப ஏறினா. 19ல இருந்து 39 வரைக்கும் லேசானது, 40ல இருந்து 99 நடுத்தரம், 100க்கு மேல தீவிரம். 2019ல ஆயிரக்கணக்கான பிரசவங்களைச் சேர்த்துப் பார்த்ததுல, 100க்குக் கீழ இருக்கறவங்களுக்கு வயித்துலயே குழந்தை இறக்கற ஆபத்து மத்தவங்களைவிட பெருசா ஏறல. 100க்கு மேல போனா நூத்துல மூணு பேருக்கு மேல. அதான் அந்த எண். 27ல இருக்கீங்க, தூரம் இருக்கு. ஆனா அது நின்ன இடத்துலயே நிக்கற எண் இல்ல, வாரத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்க்கணும்.

குழந்தை அசைவு குறைஞ்சா அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காதீங்க, அந்த நேரமே போங்க. பெல்ட் கட்டி எடுக்கற இதயத்துடிப்பு வரைபடம் அந்த நிமிஷத்தைத்தான் காட்டும், நாளைக்கு நடக்கறதைச் சொல்லாது. வாரா வாரம் எடுத்தா நிம்மதியா இருக்கலாம்னு நினைக்கறவங்க இதை மறந்துடறாங்க.

இன்னொண்ணு. வாந்தி, வலது விலாவுக்குக் கீழ வலி, தலைவலி, கண்ணு மங்கல், கண்ணு மஞ்சள்: இதுல ஏதாவது வந்தா இது வேற கல்லீரல் கோளாறா இருக்கலாம், அன்னைக்கே 108. வைரஸ் நெகட்டிவ்னு வந்தது பெரிய விஷயம். தண்ணியில வர்ற ஹெப்படைட்டிஸ் ஈ எட்டாம் மாசக் கர்ப்பிணிக்கு ரொம்ப மோசம். குழாய்ல சாக்கடை நாத்தம் அடிக்கற வாரம் கொதிக்க வெச்ச தண்ணியைத் தவிர வேற எதையும் கொடுக்காதீங்க.

பி.ஃபார்ம்_வியாசர்பாடி

உர்சோ பத்தியும் எதிர்பார்ப்பைச் சரியா வெச்சுக்கங்க. 2019ல இங்கிலாந்துல பெரிய சோதனை ஒண்ணு முடிஞ்சுது, மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் குழந்தை விஷயத்துல வித்தியாசம் இல்ல. அரிப்பு கொஞ்சம் குறையும், அதுவும் எல்லாருக்கும் இல்ல. எழுதிக் கொடுத்திருக்காங்க, சாப்பிடுங்க. ஆனா மாத்திரை சாப்பிடறோம்னு ரத்தம் எடுக்கறதை விட்டுடாதீங்க.

மலம் களிமண் நிறத்துல, எண்ணெயா மிதந்து போனா டாக்டர்கிட்ட சொல்லுங்க. கொழுப்பு உறிஞ்சப்படலைன்னா வைட்டமின் கே குறையும், பிரசவத்துல ரத்தப்போக்கு அதிகமாகும், அதுக்குத் தனி மருந்து உண்டு.

எர்ணாவூர்_அம்மா

அப்போ 37 வாரத்துலயே எடுத்துடலாமே? எங்க பக்கத்து வீட்ல அப்படித்தான் எடுத்தாங்க.

லேபர்வார்டு_சிஸ்டர்

எல்லாருக்கும் 37னு இப்போ இல்லம்மா. இங்கிலாந்து அளவுல லேசானதுன்னா 40 வாரம் வரைக்கும் பொறுக்கலாம், நடுத்தரம்னா 38, 39, 100க்கு மேல போனா 35, 36. அமெரிக்காவுல 100க்குக் கீழ 36ல இருந்து 39க்குள்ள, மேல போனா 36. சில டாக்டர்கள் மருந்து, ரத்தப் பரிசோதனை வசதியைப் பார்த்து 37லயே முடிச்சுடறாங்க, அதுல அவங்களுக்கும் காரணம் இருக்கு. ஆனா 37ல தேவையில்லாம எடுத்த குழந்தைக்கு மூச்சுத் திணறல் வர்ற வாய்ப்பு 39ல பொறந்ததைவிட அதிகம். எண் பார்க்காம வாரம் முடிவு பண்ணக்கூடாதுங்கறேன். எனக்கும் செண்ட்ரிஃப்யூஜுக்கும் இதுல முழுசா ஒத்துப்போகும்னு சொல்ல மாட்டேன்.

செண்ட்ரிஃப்யூஜ்

ஒத்துப்போகல. வாரா வாரம் சாம்பிள் அனுப்பி ரெண்டு நாள்ல ரிசல்ட் வாங்க முடியாதவங்களுக்கு 40 வரைக்கும் பொறுங்கன்னு சொல்றது எனக்குச் சரியாப் படல. அந்த வழிகாட்டி எழுதினவங்களுக்கு ரிப்போர்ட் சீக்கிரம் கையில கிடைக்கும்.

ரயில்கேட்_கொருக்குப்பேட்டை

17 நாள் ஆச்சு, 34 வாரம். பைல் ஆசிட் 46, எஸ்ஜிபிடி 52. அரிப்பு கொஞ்சம் பரவாயில்ல, ரெண்டு மணி வரைக்கும் தூங்கறாங்க. பைல் ஆசிட் ஏறியிருக்கு, எஸ்ஜிபிடி குறைஞ்சிருக்கு. நடுத்தரமா ஆயிடுச்சா?

செண்ட்ரிஃப்யூஜ்

இதுதான் நான் முன்னாடி சொன்ன குழப்பம். 27 மாத்திரைக்கு முன்னாடி, 46 மாத்திரை உள்ள இருக்கும்போது. அந்த 46ல எவ்வளவு மாத்திரை, எவ்வளவு உடம்புன்னு இந்த மெஷின்ல பிரிக்க வழியில்ல. எஸ்ஜிபிடி 71ல இருந்து 52க்கு இறங்கினது நல்ல அறிகுறி, அரிப்பும் குறைஞ்சிருக்கு. காலை மாத்திரையைப் போடறதுக்கு முன்னாடியே ரத்தம் கொடுத்தா கலப்படம் கொஞ்சம் குறையும், முழுசாப் போகாது. டிபன் சாப்பிட்டு, ரத்தம் கொடுத்து, அப்புறம் மாத்திரை. அடுத்த வாரமும் அதே வரிசை, அதே லேப்.

லேபர்வார்டு_சிஸ்டர்

டாக்டரம்மா இதை 46ஆவே எடுத்துக்கிட்டா நடுத்தரம், 38, 39ல பேசுவாங்க. மாத்திரையைக் கழிச்சு லேசானதுன்னு எடுத்துக்கிட்டா வேற கணக்கு. ரெண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்துல வெச்சு, எதுல மாத்திரை இருந்துது எதுல இல்லைன்னு பேனாவுல எழுதி எடுத்துட்டுப் போங்க. முடிவு அவங்களோடது.

பிரசவம் முடிஞ்சதும் அரிப்பு சில நாள்ல நின்னுடும். நாலு வாரம் கழிச்சு எஸ்ஜிபிடி ஒரு தடவை எடுங்க. அப்பவும் இறங்கலைன்னா இது கர்ப்பத்தோட நோய் மட்டும் இல்ல, கல்லீரல் டாக்டர் பார்க்கணும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை யாராவது எழுதினா முன்னாடி இப்படி இருந்துதுன்னு சொல்லிடுங்க. அடுத்த பிரசவத்துக்கும் முதல் செக்கப்லயே சொல்லுங்க, திரும்ப வர வாய்ப்பு நிறைய.

ரயில்கேட்_கொருக்குப்பேட்டை

வியாழக்கிழமை ஓபி. ரெண்டு ரிப்போர்ட்லயும் எழுதிட்டேன்: "மாத்திரைக்கு முன்", "மாத்திரையோட". பாட்டி இன்னும் முடிதான்னு சொல்றாங்க.